உள்தணிக்கையா, வெளித்தணிக்கையா, வவுச்சிங்கா? தேர்வுக் கேள்வியைப் பிரித்தறியும் வழி

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் தணிக்கையியல் படிக்கும் பி.காம். மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. "தணிக்கையின் வகைகளை விளக்குக" என்று கேட்டால், உள்தணிக்கை, வெளித்தணிக்கை, தொடர் தணிக்கை, சான்றாய்வு என நான்கையும் ஒரே வரிசையில் எழுதிவிடுகிறார்கள். பாடத்தை நன்றாகப் படித்தவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றின் வரையறையும் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். எது எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதுதான் தெரியவில்லை.

சான்றாய்வு, அதாவது வவுச்சிங், தணிக்கையின் வகையே அல்ல. அது தணிக்கையாளர் செய்யும் வேலை. உள்தணிக்கையாளரும் அதைச் செய்வார், வெளித்தணிக்கையாளரும் செய்வார். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாணவரைச் சோதிக்கிறார்கள். அதனால் ஒரு கேள்வியைப் பார்த்ததும் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நடுவில் அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒரு செலவுச் சீட்டை முழுமையாகச் சோதித்துப் பார்ப்போம். அந்த ஆலையும் அதன் எண்களும் இந்த விளக்கத்துக்காக நான் அமைத்தவை. சட்ட விதிகள் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்திலும் அதன் விதிமுறைகளிலும் உள்ளவை.

முதல் படி: வேலையைக் குறிக்கும் வரியைத் தனியே எடுங்கள்

கேள்வியில் "ரசீதுடன் ஒப்பிட்டார்", "பதிவேட்டுக்குரிய ஆவணத்தைக் கேட்டார்", "வவுச்சரில் கையொப்பம் உள்ளதா என்று பார்த்தார்" போன்ற வரிகள் வந்தால் பென்சிலால் அடிக்கோடிட்டு ஒதுக்கிவையுங்கள். அவர் உள்தணிக்கையாளரா வெளித்தணிக்கையாளரா என்பதை அந்த வரிகள் ஒருபோதும் சொல்லாது. "ஒரு தணிக்கையாளர் தினமும் வவுச்சர்களைச் சரிபார்க்கிறார், ஆகவே இது உள்தணிக்கை" என்ற விடையில் முடிவு தற்செயலாகச் சரியாக இருக்கலாம், காரணம் தவறு. காரணத்துக்குத்தான் மதிப்பெண்.

இரண்டாம் படி: அறிக்கை யாருக்குப் போகிறது?

உள், வெளி என்று பிரிப்பதற்கு நம்பகமான ஒரே கேள்வி இதுதான். நிறுவனத்தை நடத்துபவர்களுக்கு, அதாவது இயக்குநர் குழுவுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ, நிர்வாகத்துக்கு உதவும் பொருட்டு அறிக்கை போனால் அது உள்தணிக்கை. உரிமையாளர்களுக்கு, அதாவது பங்குதாரர்களுக்கு, நிதிநிலை அறிக்கைகள் உண்மையும் நேர்மையுமான நிலையைக் காட்டுகின்றனவா என்ற கருத்துடன் அறிக்கை போனால் அது வெளித்தணிக்கை. கம்பெனிகள் சட்டத்தின் 143-ஆம் பிரிவு, சட்டமுறைத் தணிக்கையாளர் உறுப்பினர்களுக்கு அறிக்கை தர வேண்டும் என்றே சொல்கிறது.

"இவர் நிறுவனத்தின் ஊழியரா, வெளியாளா?" என்று பார்த்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. உள்தணிக்கையாளர் ஊழியராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று விதிமுறையே சொல்கிறது. 138-ஆம் பிரிவின்படி அவர் பட்டயக் கணக்காளராகவோ, அடக்கவிலைக் கணக்காளராகவோ, இயக்குநர் குழு தீர்மானிக்கும் வேறு தொழில்வல்லுநராகவோ இருக்கலாம். ஒரு வெளி நிறுவனத்தைக் கூட அந்தப் பணிக்கு அமர்த்தலாம்.

இதை நம் ஊர் வங்கிக் கிளைகளிலேயே காணலாம். திருநெல்வேலி ஜங்ஷனிலோ டவுனிலோ பெரிய கிளை ஒன்றில், ஆண்டு முழுவதும் ஒரு பட்டயக் கணக்காளர் வந்து கடன் கோப்புகளையும் பணப் பரிமாற்றங்களையும் உடனுக்குடன் பார்த்துக்கொண்டிருப்பார். அது உடனிகழ் தணிக்கை. அவர் வங்கியின் ஊழியர் அல்லர். தனி அலுவலகம் வைத்திருப்பவர். ஆனாலும் அவருடைய அறிக்கை வங்கி நிர்வாகத்துக்கே போகிறது. ஆகவே அந்தப் பணி வங்கியின் உள்கட்டுப்பாட்டு ஏற்பாட்டைச் சேர்ந்தது. மார்ச் 31 முடிந்து ஏப்ரலில் கிளைக்கு வரும் சட்டமுறைக் கிளைத் தணிக்கையாளரும் பட்டயக் கணக்காளர்தான். பார்க்கிற கோப்புகளும் பெரும்பாலும் அவையேதான். இருவரையும் பிரிப்பது, அறிக்கை போய்ச் சேரும் இடமும் அது எதற்காகக் கேட்கப்பட்டது என்பதும்.

"யார் நியமித்தது?" என்ற கேள்வியும் பயன்படும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பொதுவாக வெளித்தணிக்கையாளரைப் பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நியமிக்கிறார்கள். உள்தணிக்கையாளரை இயக்குநர் குழு நியமிக்கிறது. ஆனால் புதிதாகப் பதிவான ஒரு கம்பெனியின் முதல் தணிக்கையாளரை, அது அரசுக் கம்பெனியாக இல்லாத பட்சத்தில், பதிவு நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இயக்குநர் குழுவே நியமிக்க வேண்டும் என்கிறது 139-ஆம் பிரிவு. குழு நியமித்தது என்பதால் அவர் உள்தணிக்கையாளர் ஆகிவிடமாட்டார். கேள்வியில் "இயக்குநர் குழு முதல் தணிக்கையாளரை நியமித்தது" என்று வந்தால், அவர் சட்டமுறை வெளித்தணிக்கையாளர்தான் என்று தயங்காமல் எழுதுங்கள்.

மூன்றாம் படி: சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

வெளித்தணிக்கை என்றாலே சட்டமுறைத் தணிக்கை என்று நினைப்பது அடுத்த குழப்பம். உள், வெளி என்பது ஒரு பிரிவினை. கட்டாயம், விருப்பம் என்பது வேறொரு பிரிவினை. இரண்டும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்.

மேலப்பாளையத்தில் இரண்டு பேர் கூட்டாக ஒரு கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டாண்மைச் சட்டம் அவர்களைத் தணிக்கை செய்யச் சொல்லவில்லை. இருவருக்குள் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி, வெளியிலிருந்து ஒரு கணக்காளரை அழைக்கிறார்கள். இது வெளித்தணிக்கை, ஆனால் விருப்பத் தணிக்கை. (விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் வருமான வரிச் சட்டம் தனியே ஒரு தணிக்கையைக் கேட்கும், கேள்வியில் விற்றுமுதல் தரப்படாதவரை அதற்குள் போக வேண்டாம்.) மறுபக்கம், உள்தணிக்கையும் சில நிறுவனங்களுக்குக் கட்டாயம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. தனியார் கம்பெனி என்றால், முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 200 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, அந்த ஆண்டில் ஏதேனும் ஒரு நேரத்தில் வங்கி, நிதி நிறுவனக் கடன் 100 கோடியைத் தாண்டியிருந்தாலோ உள்தணிக்கையாளரை அமர்த்தியே ஆக வேண்டும். ஆகவே சட்டம் கேட்கிறது என்ற ஒரே காரணத்தால் அதை வெளித்தணிக்கை என்று சொல்லிவிட முடியாது.

கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைக் கூட்டுறவுத் தணிக்கைத் துறை பார்ப்பதும், திருநெல்வேலி மாநகராட்சியின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்ப்பதும் சட்டத்தின்படி நடக்கும் வெளித்தணிக்கைகளே. தணிக்கை செய்பவர் அரசு ஊழியர் என்பதால் அதை உள்தணிக்கை என்று எழுதியவர்கள் உண்டு. சங்கத்தின் நிர்வாகத்துக்கு அவர் கீழ்ப்பட்டவர் அல்லர் என்பதைக் கவனித்தால் அந்தத் தவறு வராது.

நான்காம் படி: எப்போது நடக்கிறது?

தொடர் தணிக்கை, இடைத் தணிக்கை, ஆண்டு முடிந்தபின் நடக்கும் இறுதித் தணிக்கை ஆகியவை காலத்தை வைத்துச் செய்யும் பிரிவினை. இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. வெளித்தணிக்கையாளரும் ஆண்டின் நடுவே பலமுறை வந்து பார்க்கலாம். அப்போது அது வெளித்தணிக்கையாகவும் தொடர் தணிக்கையாகவும் ஒரே நேரத்தில் இருக்கும். "மாதந்தோறும் வருகிறார்" என்ற சொற்றொடர் காலத்தை மட்டுமே சொல்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இனி ஒரு கேள்வியை முழுமையாகப் பார்ப்போம்

அம்பாசமுத்திரம் வட்டத்தில் தாமிரபரணிப் பாசனத்து நெல்லை வாங்கி அரைக்கும் ஆலை ஒன்று, தனியார் கம்பெனியாகப் பதிவு பெற்றது. முந்தைய நிதியாண்டில் அதன் விற்றுமுதல் 210 கோடி ரூபாய். பாளையங்கோட்டையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஒன்று மாதந்தோறும் ஆலைக்கு வந்து, நெல் கொள்முதலையும் இருப்பையும் பார்த்து இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தருகிறது. பொதுக்கூட்டத்தில் நியமிக்கப்பட்ட வேறொரு நிறுவனம் ஆண்டு முடிந்தபின் வருகிறது. இரண்டு நிறுவனங்களும் கொள்முதல் வவுச்சர்களை எடை மேடைச் சீட்டுகளுடன் ஒப்பிடுகின்றன. கேள்விகள் மூன்று: இரண்டும் எவ்வகைத் தணிக்கை? இரண்டும் செய்யும் பொதுவான பணி எது? ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யலாமா?

எடை மேடைச் சீட்டு வரியை முதலில் ஒதுக்குங்கள். அது இரண்டாவது கேள்விக்கான விடை: சான்றாய்வு. பிறகு அறிக்கை போகும் இடத்தைப் பாருங்கள். முதல் நிறுவனம் குழுவுக்குத் தருகிறது. அது வெளியூர் அலுவலகமாக இருந்தாலும் செய்வது உள்தணிக்கை. விற்றுமுதல் 200 கோடிக்கு மேல் என்பதால் அது கட்டாய உள்தணிக்கை. காலத்தால் தொடர் தணிக்கை. இரண்டாவது நிறுவனம் செய்வது வெளித்தணிக்கை, சட்டமுறைத் தணிக்கை, இறுதித் தணிக்கை. ஒரே பணிக்கு மூன்று பெயர்கள் வருவதில் முரண்பாடு இல்லை. மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள். மூன்றாவது கேள்விக்கு 144-ஆம் பிரிவு நேரடியாக விடை சொல்கிறது: சட்டமுறைத் தணிக்கையாளர் அதே கம்பெனிக்கு உள்தணிக்கைப் பணி செய்யக் கூடாது. ஜனவரியில் தாம் சரி என்று சொன்னதை ஏப்ரலில் தாமே நடுநிலையாக மதிப்பிட முடியாது என்பதுதான் காரணம். இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். பிரிவு எண்ணை மட்டும் எழுதுபவரைவிட நீங்கள் புரிந்துகொண்டவர் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

ஒரு வவுச்சரைச் சோதிக்கும் முறை

வவுச்சிங் என்றால் வவுச்சரையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துத் தொகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். தொகை ஒத்துப்போவது தொடக்கம் மட்டுமே. அதே ஆலையில், பிசான அறுவடை நடக்கும் மார்ச் மாதத்து வவுச்சர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் ஏட்டில் பதிவு: அம்பை 16 நெல், 9,640 கிலோ, கிலோ 22 ரூபாய், மொத்தம் 2,12,080 ரூபாய். வவுச்சரிலும் அதே தொகை. தொகை முழுவதும் தரகர் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது. வங்கி அறிக்கையிலும் 2,12,080 என்றே இருக்கிறது. பெருக்கலும் சரி. மேலோட்டமாகப் பார்ப்பவர் இங்கே பச்சை மையில் குறியிட்டு அடுத்த வவுச்சருக்குப் போய்விடுவார்.

வவுச்சர் ஆலை அலுவலகத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. அந்தத் தாள் தன்னைத்தானே நிரூபிக்க முடியாது. அதன் பின்னால் இருக்கும் ஆவணத்துக்குப் போக வேண்டும். எடை மேடைச் சீட்டில் நெல் ஏற்றிய லாரியின் எடை 14,620 கிலோ. காலி லாரி 5,480 கிலோ. கழித்தால் நெல்லின் எடை 9,140 கிலோ. ஏட்டில் இருப்பது 9,640. நூறின் இடத்தில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 6 வந்திருக்கிறது. 500 கிலோ கூடுதல். 11,000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. சரியான தொகை 2,01,080 ரூபாய்.

வங்கி அறிக்கை இதை ஏன் காட்டவில்லை? பணம் போனது உண்மை என்பதைத்தான் வங்கி சொல்லும். அவ்வளவு நெல் வந்ததா என்பது வங்கிக்குத் தெரியாது. எந்த ஆவணம் எந்த உண்மைக்குச் சான்று என்று பிரித்துப் பார்ப்பதுதான் சான்றாய்வின் உயிர். விலைக்குச் சான்று ஒப்புக்கொண்ட விலைப் பட்டியல். எடைக்குச் சான்று எடை மேடைச் சீட்டும், கிட்டங்கியின் சரக்கு வரவுப் பதிவேடும். பணம் போனதற்குச் சான்று வங்கி அறிக்கை. உரியவருக்குப் போனதற்குச் சான்று விவசாயியின் ரசீது. செலவு செய்ய அதிகாரம் இருந்ததற்குச் சான்று பொறுப்பாளரின் கையொப்பம். இந்த வவுச்சரில் நெல் விற்றவர் விவசாயி, பணம் வாங்கியவர் தரகர். தரகர் வாங்கிக்கொள்ளலாம் என்று விவசாயி எழுதிக்கொடுத்த கடிதம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

வவுச்சரைக் கையில் எடுத்ததும் தேதி கணக்காண்டுக்குள் வருகிறதா, அது கம்பெனியின் பெயரில் இருக்கிறதா, இயக்குநரின் சொந்தச் செலவாக இல்லையா, எண்கள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றனவா, 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பண ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சுமை கூலி போன்ற ரொக்கச் செலவுகளில் வெளி ஆவணம் எதுவும் இருக்காது. அங்கே திருத்தல்களைக் கூர்ந்து பார்ப்பது இன்னும் அவசியம். 1932-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஆர்மிட்டேஜ் எதிர் புரூவர் அண்ட் நாட் வழக்கில், சம்பளத் தாள்களிலும் சில்லறை ரொக்கச் சீட்டுகளிலும் இருந்த முறைகேடுகளைக் கவனிக்கத் தவறிய தணிக்கையாளர்கள் கவனக்குறைவுக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். சான்றாய்வு பற்றிய நெடுவினாவில் இந்த வழக்கைக் குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும்.

திசையையும் கவனியுங்கள். நாம் ஏட்டிலிருந்து ஆவணத்துக்குப் போனோம். அந்தத் திசையில், எழுதப்பட்டது உண்மையா என்பது தெரியும். எழுதாமல் விட்டது எது என்பது தெரியாது. வந்த லாரி ஒன்று ஏட்டிலேயே ஏறாமல் போயிருந்தால், எடைச் சீட்டுகளை வரிசை எண்ணோடு எடுத்து ஏட்டை நோக்கிப் போனால்தான் அது பிடிபடும். "கணக்கில் வராத கொள்முதலைச் சான்றாய்வால் கண்டுபிடிக்கலாமா?" என்ற கேள்விக்கு, ஏட்டிலிருந்து தொடங்கும் சோதனை மட்டும் போதாது என்பதே விடை.

அதே 11,000 ரூபாயை இரண்டு தணிக்கையாளர்களும் எப்படிப் பார்ப்பார்கள்?

"உள்தணிக்கைக்கும் வெளித்தணிக்கைக்கும் உள்ள வேறுபாடு" என்ற கேள்விக்கு அட்டவணை போட்டு எட்டு வரி எழுதுவதைவிட, இந்த ஓர் எடுத்துக்காட்டு உங்கள் விடையை உயர்த்தும்.

உள்தணிக்கையாளர் காரணத்தைத் தேடுவார். எடைச் சீட்டை வாங்குபவரும் வவுச்சர் எழுதுபவரும் ஒரே ஆளா? அந்தத் தரகரின் மற்ற வவுச்சர்களிலும் இதே போல எண்கள் மாறியிருக்கின்றனவா? சீட்டின் எடையைக் கிட்டங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டபின்தான் பணம் தர வேண்டும் என்று குழுவுக்குப் பரிந்துரைப்பார். அடுத்த மாதம் வந்து அது நடைமுறைக்கு வந்ததா என்றும் பார்ப்பார்.

வெளித்தணிக்கையாளரின் கவலை நிதிநிலை அறிக்கை. 210 கோடி ரூபாய் விற்றுமுதலில் 11,000 ரூபாய் தொகையளவில் பெரிதல்ல. ஆனால் அது வேண்டுமென்றே செய்யப்பட்ட திருத்தமாக இருந்தால் தன்மையளவில் பெரியது. அதனால் அவர் மாதிரி வவுச்சர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, இப்படி எத்தனை இருக்கக்கூடும் என்று மதிப்பிடுவார். ஊழியர் மோசடி என்று நம்பக் காரணம் இருந்தால் 143-ஆம் பிரிவின் 12-ஆம் உட்பிரிவு அவரைக் கட்டுப்படுத்தும்: ஒரு கோடி ரூபாய்க்குக் குறைவான மோசடியை இயக்குநர் குழுவுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும்; ஒரு கோடியோ அதற்கு மேலோ என்றால் மத்திய அரசுக்கு. உள்தணிக்கையாளரின் தாள்களை அவர் பயன்படுத்திக்கொள்ளலாம், தணிக்கைத் தரம் 610 அதற்கு வழி சொல்கிறது. ஆனால் தம் கருத்துக்கான பொறுப்பு முழுவதும் அவருடையதே. "உள்தணிக்கையாளர் பார்த்துவிட்டார்" என்று அதைக் கைமாற்ற முடியாது.

மயங்க வைக்கும் இரண்டு பக்கத்துச் சொற்கள்

உள் சரிபார்ப்பு முறையை உள்தணிக்கையோடு கலந்துவிடாதீர்கள். ஒருவர் வேலையை இன்னொருவரின் வேலை தானாகவே சரிபார்க்கும்படி பணிகளைப் பங்கிடுவது உள் சரிபார்ப்பு. எடை போடுபவர் ஒருவர், வவுச்சர் எழுதுபவர் ஒருவர், பணம் அனுப்புபவர் ஒருவர் என்று ஆலை பிரித்து வைத்திருந்தால் அது தினசரி வேலையின் உள்ளேயே நடக்கிறது. அதற்குத் தணிக்கையாளர் தேவையில்லை. வேலை முடிந்தபின் அந்தப் பிரிவினை ஒழுங்காக நடந்ததா என்று வந்து பார்ப்பது உள்தணிக்கை.

மற்றொன்று, சொத்துகளைச் சரிபார்த்தல். ஆலை ஒரு புதிய லாரி வாங்கியது என்றால், விலைப் பட்டியலையும் பணம் செலுத்திய ஆவணத்தையும் பார்த்து வாங்கிய பதிவு உண்மை என்று உறுதிசெய்வது சான்றாய்வு. மார்ச் 31 அன்று அந்த லாரி இருக்கிறதா, பதிவுச் சான்றிதழ் கம்பெனியின் பெயரில் உள்ளதா, தேய்மானம் கழித்துச் சரியான மதிப்பில் காட்டப்பட்டிருக்கிறதா, வங்கிக்கு அடமானம் வைக்கப்பட்டிருந்தால் அது தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது சரிபார்த்தல். கேள்வியில் பரிமாற்றம் வந்தால் முதலாவதையும், ஆண்டிறுதி இருப்பு வந்தால் இரண்டாவதையும் எழுதுங்கள்.